மூன்று நகலும் ஒரே பெட்டியில்

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எட்டு மாதம் முன்பே நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். மின்னஞ்சலாகவும் அனுப்பினேன், அச்செடுத்து மேனேஜர் மேசையிலும் வைத்தேன். சர்வர் போட்டுக் கொடுத்த கம்பெனியிடமிருந்து பதில் ஒற்றை வரியில் வந்தது. மூன்று நகல்கள் இருப்பதால் கவலைப்படத் தேவையில்லை என்றது அந்த வரி. இப்போதும் அதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கூப்பிடுவார்கள், டாக்டரின் மகனுக்கு லேப்டாப் வாங்க வேண்டும் என்றாலும் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு இரும்புச் சட்டத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சர்வர்கள். ஓபி பதிவு, லேப், மருந்தகம், ஸ்கேன் படங்கள், புற்றுநோய்ப் பிரிவின் சிகிச்சைக் குறிப்புகள் என்று மருத்துவமனையின் எல்லா வேலைகளும் இருபது இருபத்தைந்து மெய்நிகர் இயந்திரங்களாக, அதாவது மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர்களாக, அந்த மூன்றுக்குள்தான் ஓடுகின்றன.

இந்த இயந்திரங்களின் டேட்டா முழுவதையும் செஃப் என்கிற மென்பொருள் சேமித்து வைக்கிறது. சேமிப்புக்கென்று தனிப் பெட்டி கிடையாது. சர்வருக்கு நாலு டிஸ்க் வீதம் பன்னிரண்டு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே குளமாக்கிவிடும். எந்த டேட்டாவாக இருந்தாலும் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, துண்டுகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் மூன்று டிஸ்க்குகளில் வைக்கும். எங்கள் குளத்தில் நூற்றி இருபத்தெட்டு கட்டுகள். எந்தக் கட்டு எந்த மூன்று டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்பதை ஒரு விதியை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அந்த விதியில் இருக்கிற ஒரு சொல்தான் எல்லாம். ‘மூன்று வெவ்வேறு சர்வர்களில் வை’ என்று சொல்லலாம். ‘மூன்று வெவ்வேறு டிஸ்க்குகளில் வை’ என்றும் சொல்லலாம். ஃபெயிலியர் டொமைன் என்பார்கள். எது ஒரே சமயத்தில் ஒட்டுமொத்தமாகச் சாகக்கூடியதோ அதைக் கணக்கில் எடு என்று பொருள். சர்வர் என்று சொன்னால் ஒரு சர்வர் போனாலும் போகிறது ஒரு நகல் மட்டும்தான். டிஸ்க் என்று சொன்னால் மூன்று டிஸ்க்கும் ஒரே சர்வருக்குள் இருந்துவிடலாம். விதியைப் பொறுத்தவரை அதில் தப்பே இல்லை. அவை வெவ்வேறு டிஸ்க்குகள்தானே.

எங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர் டிஸ்க் என்றுதான் போட்டிருந்தார். காரணமும் பிறகு தெரிந்தது. முதல் சர்வர் வந்து மூன்று வாரம் கழித்துத்தான் மற்ற இரண்டும் வந்தன. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. ஒரே சர்வரை வைத்துக்கொண்டு எல்லாம் சரி என்று திரையில் பச்சை காட்ட வேண்டுமானால் டிஸ்க் என்று போட்டால்தான் முடியும். போட்டார். பச்சை வந்தது. பெரிய டாக்டர் குத்துவிளக்கு ஏற்றினார். மற்ற இரண்டு சர்வர்கள் வந்ததும் சேர்த்துவிட்டுப் போனார், விதியைத் தொடவே இல்லை. திரைதான் பச்சையாக இருக்கிறதே.

ஒரு நாள் மத்தியானம் வேலை இல்லாத நேரத்தில் அந்தக் கட்டுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதல் சர்வரில் இருக்கும் டிஸ்க்குகளுக்கு 0 முதல் 3 வரை எண். இரண்டாவதில் 4 முதல் 7, மூன்றாவதில் 8 முதல் 11. ஒரு கட்டுக்கு நேராக 1, 6, 9 என்று இருந்தால் நிம்மதி. 5, 4, 10 என்று இருந்தால் இரண்டு நகல் ஒரே சர்வரில். இறங்கிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 2, 0, 3. மூன்று நகலும் முதல் சர்வருக்குள். அப்படி மொத்தம் ஒன்பது கட்டுகள் இருந்தன. ஒன்பதில் ஐந்து முதல் சர்வரில்.

மேனேஜரிடம் போனேன். பாங்கில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கோப்புகளை அடுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள முடியாது.

“எம்மா, மூணு காப்பி இருக்குல்லா? ஒண்ணு போனா ரெண்டு. ரெண்டு போனா ஒண்ணு. பொறவு எதுக்குப் பயப்படுதிய?”

“சார், சில கட்டுக்கு மூணு காப்பியும் ஒரே சர்வருக்குள்ள கெடக்கு. தடுப்பூசிய மூணு தட்டுல பிரிச்சு வச்சிட்டு மூணு தட்டையும் ஒரே ஃபிரிட்ஜுல வச்ச மாதிரி. ஃபிரிட்ஜு போச்சுன்னா தட்டு எத்தனை இருந்து என்ன செய்ய?”

அவர் சிரித்தார். “கம்பெனிக்காரன் பத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டுக் கொடுத்திருக்கான். நீங்க ஒரு ஆஸ்பத்திரியத்தான் பாக்குதிய.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. விதியை மாற்றுகிற கட்டளை இரண்டு வரி. என்னிடம் பாஸ்வேர்டும் இருந்தது. ஒப்பந்தப்படி அமைப்பில் கை வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது, அதனால் கை வைக்கவில்லை. பாதிக் கோபம் அப்படி ஒதுங்கிப் போன என் மேல்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சீசன் ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. பாறையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டவர்கள், தலையில் அடிபட்டவர்கள் என்று அருவியிலிருந்து நேராக எங்களிடம்தான் வருவார்கள். ஓபியில் நிற்க இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பதிவு கவுண்டரிலிருந்து போன் வந்தது.

“மேடம், ஸ்கிரீன் அப்படியே நிக்கி. வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு.”

வைத்ததும் மருந்தகம். அதற்கடுத்து லேப். ஓடினேன்.

சர்வர் அறைக் கதவைத் திறந்ததுமே இரைச்சல் குறைந்திருப்பது தெரிந்தது. மேலே இருந்த முதல் சர்வர் செத்துக் கிடந்தது. அதற்கு நேர் மேலே இருந்த ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன் பின்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. மதர்போர்டு இருக்கிற பக்கம். தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்து உள்ளே வழிந்திருக்கிறது.

மருத்துவமனையின் எலக்ட்ரீசியன் அண்ணாச்சி எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். முதலில் ஏசியின் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு கீழே இருந்த இரண்டு சர்வர்களின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தார். வேலையை முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

“போன வாரமே எழுதிக் கொடுத்தேன், தாயி. கொழாய மாத்தணும்னு. கையெழுத்து ஆவல.”

எழுதிக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், கையெழுத்துப் போடாதவர்கள் ஒரு பக்கம். சொட்டுகிற தண்ணீருக்குக் கோப்பு கிடையாது.

மற்ற இரண்டு சர்வர்களும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றோடொன்று பேசிக்கொண்டும் இருந்தன. திரையில் மட்டும் சிவப்பு. நாலு டிஸ்க்குகளைக் காணவில்லை. முப்பத்தொரு கட்டுகள் முடங்கிக் கிடக்கின்றன. அந்த முப்பத்தொன்றில் இருபத்தாறுக்கு ஒரே ஒரு நகல்தான் மிச்சம், ஏனென்றால் இரண்டு நகல் செத்த சர்வரில் இருந்தது. குறைந்தது இரண்டு நகல் உயிரோடு இருந்தால்தான் படிக்கவும் எழுதவும் விடுவேன் என்று செஃப் நிறுத்திவிடும். ஒற்றை நகலில் எழுதி அதுவும் போய்விட்டால் கதை முடிந்தது, அதனால் அப்படி ஒரு பாதுகாப்பு. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. மிச்சம் ஐந்து கட்டுகளுக்கு ஒரு நகல்கூட இல்லை.

நூற்றி இருபத்தெட்டில் முப்பத்தொன்று போனால் மற்றதெல்லாம் ஓடலாமே என்று மேனேஜர் கேட்டார். ஓடாது. ஒவ்வொரு இயந்திரத்தின் டேட்டாவும் நறுக்கப்பட்டு எல்லாக் கட்டுகளிலும் தூவப்பட்டிருக்கிறது. மருந்தகத்துக்குத் தனிக் கட்டு, லேபுக்குத் தனிக் கட்டு என்று கிடையாது. எந்த இயந்திரமாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் முடங்கிய கட்டு ஒன்றைத் தொடும், தொட்டதும் அப்படியே நிற்கும். செத்த சர்வரில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் தாமாகவே மற்ற சர்வர்களுக்கு மாறி எழப் பார்த்து, அவையும் பாதியில் நின்றிருந்தன.

“அப்ப பேக்கப் எடுத்து வச்சிருக்கோம்லா?”

அந்தக் கேள்வியை அவர் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பேக்கப் எடுக்கிற சர்வரையும் கம்பெனிக்காரர்கள் ஒரு மெய்நிகர் இயந்திரமாகத்தான் போட்டிருந்தார்கள். அதன் டிஸ்க்கும் இதே குளத்தில். அதற்கும் அந்த ஐந்து கட்டுகளில் பங்கு உண்டு. நான் எழுதிக் கொடுத்த தாளில் அது இரண்டாவது பத்தி.

பத்து நிமிடம் கழித்து, காணாமல் போன டிஸ்க்குகள் இனி வராது என்று செஃப் முடிவு கட்டியது. ஒற்றை நகல் இருந்த கட்டுகளுக்கு மற்ற டிஸ்க்குகளில் புதிதாக நகல் எடுக்க ஆரம்பித்தது. முப்பத்தொன்று முப்பதாயிற்று. இருபத்தேழாயிற்று. மதுரையிலிருந்து கம்பெனியின் எஞ்சினியர் போனில் சொன்னார். “பாத்தீங்களா மேடம், தானா சரி பண்ணிக்குது. வெயிட் பண்ணுங்க.”

காத்திருந்தோம். ஓபியில் பழைய பேரேடுகளை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார்கள். லேப் பெண்கள் மெஷினைப் பார்த்து முடிவைத் தாளில் எழுதிக்கொண்டு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஓடினார்கள். சமாளித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சமாளிக்க முடியாதது ஒன்று மாடியில் இருந்தது.

பதினொரு மணிக்குப் புற்றுநோய்ப் பிரிவின் டாக்டர் என்னைத் தேடி இறங்கி வந்தார். கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மா மருந்து ஏற்ற வந்திருக்கிறார். அவருக்குக் கொடுக்கிற மருந்தை வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இதயம் பழுதாகும். இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாமல் அவர் ஏற்ற மாட்டார். வேறு ஊரில் ஆரம்பித்து, இடையில் அளவு மாற்றி, இங்கே தொடர்கிற சிகிச்சை அது. கையில் இருக்க வேண்டிய ஃபைல் காப்பீட்டுக்காக அனுப்பப்பட்டிருக்கிறது.

“எப்ப வரும்?”

“தெரியல டாக்டர்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். போக வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் போனேன். அந்த அம்மா பெஞ்சில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மருமகள். மகன் துபாயில். ஒவ்வொரு தடவையும் மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாளே அந்த அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது என்று மருமகள் சொன்னாள். பயத்திலேயே வயிறு கட்டிவிடுமாம்.

“மாமிய மனசத் தேத்திக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருதுக்கா. இன்னைக்கு இல்லன்னு திருப்பி அனுப்பிச்சா நாளைக்கு வர மாட்டாவ. கம்ப்யூட்டர் ரிப்பேர்ன்னுதான சொல்லுதாவ? எப்பக்கா சரியாவும்?”

என்னிடம் பதில் இருந்தது. எட்டு மாதம் முன்பே சரியாகியிருக்கும். அதை அவளிடம் சொல்லி என்ன செய்ய? “பாக்குதேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பன்னிரண்டரைக்கு எண்ணிக்கை ஐந்துக்கு வந்தது. வந்து நின்றுவிட்டது. நிற்கத்தான் செய்யும். நகல் எடுக்க அந்த ஐந்துக்கும் மூலமே இல்லையே. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இரண்டடி தூரத்தில், ஈரமான பெட்டிக்குள், முன்பக்கத்துத் தட்டுகளில் நனையாமல் இருக்கிறது.

எஞ்சினியரை மறுபடியும் அழைத்தோம். மேனேஜர் அறையில், ஸ்பீக்கரில்.

“மேடம், அந்த நாலு டிஸ்க்கையும் லாஸ்ட்னு மார்க் பண்ணிட்டு, அஞ்சு பிஜியையும் புதுசா கிரியேட் பண்ணிடலாம். உடனே கிரீன் ஆயிடும்.” நான் கட்டு என்று சொல்வதைத்தான் அவர் பிஜி என்றார்.

“உள்ள இருந்த டேட்டா?”

“அது… அந்த அஞ்சும் காலியா இருக்கும்.”

“எந்த மெஷின்ல காலியா இருக்கும்?”

“எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்.”

“எல்லா மெஷினுக்குள்ளயும் ஓட்டை விழும். லேப்ல விழும், மருந்தகத்துல விழும், மாடியில உக்காந்திருக்க அம்மாவோட குறிப்புலயும் விழும். எது காணாமப் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்கிரீன் மட்டும் பச்சையா இருக்கும். அப்படித்தான?”

“ஆனா சிஸ்டம் மேல வந்துரும் மேடம்.”

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. போர்டுதான் நனைஞ்சது. ரெண்டாவது சர்வர்ல நாலு இடம் காலியா இருக்கு. எடுத்து அங்க சொருகுனா டேட்டா அப்படியே வந்துரும்.”

“டிஸ்க்க கழட்டுனா வாரண்டி போயிரும். நான் இப்ப கெளம்பிட்டேன். அதுக்குள்ள கைய வைக்காதீங்க. வேணும்னா ரிமோட்ல வந்து நானே அந்தக் கமாண்டப் போட்டுர்றேன்.”

மேனேஜர் என் பக்கம் குனிந்தார். “எம்மா, அவரு சொல்லுததக் கேளுங்க. வெவரம் தெரிஞ்சவங்க.”

நான் எழுந்துவிட்டேன். அறையை விட்டு வெளியே வந்து, ஏறக்குறைய ஓடி, சர்வர் அறைக்குள் போய், கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்து உள்ளே வருவதற்காக வைத்திருந்த சின்ன வெள்ளைப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். பிளக்கோடு பிடுங்கி என் கையில் சுற்றிக்கொண்டேன். என் பதினாறு வருட வேலையில் ஒரு தரம்கூட அப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

மேனேஜர் பின்னாலேயே வந்தார். “என்ன செய்யுதிய? யாரு அனுமதி கொடுத்தா?”

“எட்டு மாசமா அனுமதிதான் சார் கேட்டுக்கிட்டு இருந்தேன். கொடுத்தியளா?” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இந்த டிஸ்க்க நான் கழட்டுனா வாரண்டி போவும். அவர் அந்தக் கமாண்டப் போட்டா டேட்டா போவும். எது போவணும்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நான் ஒதுங்கிக்கிடுதேன்.”

அவர் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போடாமல் இருப்பது அவருக்கு நன்றாக வரும். பெரிய டாக்டருக்குப் போன் செய்யப் போனார். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே காய்ந்த துணியும் ஸ்குரூ டிரைவரும் எடுத்து வைத்திருந்தார்.

செத்த சர்வரின் மின்கம்பிகளைக் கழற்றினோம். முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு நாலு தட்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கர் இரண்டாகக் கிழிந்தது. 0, 1, 2, 3 என்று ஒவ்வொன்றின் மேலும் மருத்துவமனைப் பிளாஸ்திரியை ஒட்டி எண் எழுதினேன். இரண்டாவது சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலி இடங்களில் தள்ளினோம். மூன்றில் பச்சை விளக்கு எரிந்தது. 1 என்று எழுதியதில் ஆரஞ்சு எரிந்து, பிறகு அதுவும் அணைந்தது. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார்.

“மூணு போதும் அண்ணாச்சி.”

நிஜமாகவே போதும். அந்த ஐந்து கட்டுகளும் இந்த நாலு டிஸ்க்கில் மூன்று மூன்றாகத்தான் இருந்தன. நாலில் ஒன்று போனாலும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு நகல் மிஞ்சும். இரண்டு இருந்தால் செஃப் வழி விடும். அந்த நிமிடத்தில் மூன்று நகல் என்பதன் அர்த்தம் எனக்கு உடம்பில் உறைத்தது. அதை ஒழுங்காக வைத்திருந்தால் இந்தக் கூத்தே வேண்டியதில்லை என்பதும் சேர்ந்தே உறைத்தது.

செஃப் ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது யார், எந்தக் குளத்தைச் சேர்ந்தது என்று எழுதி வைத்திருக்கும். எந்தச் சர்வரில் சொருகினாலும் அதைப் படித்துக்கொண்டு பழைய எண்ணோடு எழும். கிடைத்ததையெல்லாம் எழுப்பு என்று ஒரு கட்டளை உண்டு. அடித்தேன். 0 எழுந்தது. 2 எழுந்தது. 3 கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு எழுந்தது. மூன்றும் தம்மை இரண்டாவது சர்வரின் பேரில் பதிந்துகொண்டன. திரையில் ஐந்து என்பது நாலாயிற்று. இரண்டாயிற்று. அப்புறம் அந்த வரியே மறைந்துவிட்டது.

அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து துணியைப் பிழிந்தார். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். அழுகை வந்தது, அதையும் கோபத்தில்தான் அழுதேன்.

சில இயந்திரங்கள் காலையில் நின்ற இடத்திலிருந்தே எதுவும் நடக்காதது போல் தொடர்ந்தன. சிலவற்றை நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு முன்னால் பதிவு கவுண்டர் ஓட ஆரம்பித்தது. புற்றுநோய்ப் பிரிவின் குறிப்புகளைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். முழுசாக இருந்தன.

மாடிக்கு ஏறினேன். டாக்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு தடவை கொடுக்க இடமிருக்கிறது என்றார். ஆனால் மருந்து கலக்கி ஏற்றி முடிக்கவே நாலு மணி நேரம் ஆகும், இன்றைக்கு முடியாது, நாளைக்குக் காலையில் முதல் ஆளாக ஏற்றிவிடலாம். பெஞ்சில் யாரும் இல்லை. ஒன்றரை மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்களாம். நர்ஸிடம் எண் வாங்கி நானே கூப்பிட்டேன். மருமகள்தான் எடுத்தாள். வருவார்களா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கும் மறுநாள், மகன் துபாயிலிருந்து அரை மணி நேரம் போனில் கெஞ்சிய பிறகு வந்தார் என்று கேள்விப்பட்டேன். மருந்து ஏறியது. இரண்டு நாள் தாமதத்தால் பெரிய கெடுதல் இல்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அந்த இரண்டு நாள் அந்த அம்மா என்ன பாடுபட்டார் என்று எந்த மெஷினிலும் பதிவில்லை.

எஞ்சினியர் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். மத்தியானம் கிளம்பியவர். கார் கதவில் ஈரத் துண்டு தொங்கியது. தலை படிந்திருந்தது. ஐந்தருவிப் பக்கம் கூட்டம் குறைவாக இருந்தது என்று அவரே டிரைவரிடம் சொல்லிக்கொண்டு இறங்கினார். மேனேஜர் அவருக்கு டீ சொன்னார்.

நான் டீக்கு நிற்கவில்லை. “குளிச்சிட்டு வந்தியளா?” என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். கம்பெனி ஒரு அறிக்கை கொண்டு வந்திருந்தது. தங்கள் குழுவின் வழிகாட்டலில் சேவை அன்றே மீட்கப்பட்டது என்று எழுதியிருந்தது. பெரிய டாக்டர் படித்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்தேன். பிறகு எட்டு மாதத்துக்கு முந்தைய என் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பட்டியலில் 2, 0, 3 என்ற வரியைச் சிவப்பு மையில் கோடிட்டிருந்தேன்.

“இது என்ன?”

“மூணு நகலும் செத்துப் போன சர்வருக்குள்ளதான் இருக்குன்னு அப்பவே எழுதுனது சார். இதுக்கு வந்த பதிலும் கீழ இருக்கு. ஒரு வரிதான், சீக்கிரம் படிச்சிரலாம்.”

அவர் படித்தார். கம்பெனியின் ஆளைப் பார்த்தார். அந்த ஆள் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் டயரியைப் பார்த்தார். யாராவது ஒருவர் ‘நான்தான்’ என்று சொன்னால் என் கோபம் அங்கேயே பாதி இறங்கியிருக்கும். யாரும் சொல்லவில்லை.

புதுப் போர்டு வர ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை இரண்டே சர்வரில் ஓட்டினோம். தினமும் சாயங்காலம் முக்கியமான டேட்டாவைத் தனி டிஸ்க்கில் எடுத்து மாத்திரைப் பையில் போட்டு என்னோடு கொண்டு போனேன். முதல் சர்வர் மறுபடி எழுந்து டிஸ்க்குகள் தம் இடத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விதியை மாற்றினேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. டிஸ்க் என்ற சொல் இருந்த இடத்தில் சர்வர் என்று வைத்த புது விதியைக் குளத்துக்குக் கொடுத்ததும், தப்பான இடத்தில் இருந்த நகல்கள் எல்லாம் இடம் மாற ஆரம்பித்தன. சாயங்காலம் வரை, இடம் மாறாமல் மிச்சமிருந்தவற்றின் சதவீதம் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலை வரி வரியாகச் சரிபார்த்தேன். எந்த வரியிலும் ஒரே சர்வரின் டிஸ்க்குகள் இரண்டு இல்லை. பேக்கப்பை, எதிர்ப்புறம் நர்ஸுகள் விடுதியில் தனிப் பெட்டிக்கு மாற்றினோம். குழாயும் மாறியது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சர்வர் மூன்று, நகல் மூன்று. ஒன்று போனால் மூன்றாவது நகலை வைக்க வேறு இடம் கிடையாது, அது திரும்பி வரும் வரை இரண்டில்தான் ஓட வேண்டும். மூன்று சர்வரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தன. இன்னொன்று கேட்டு எழுதினேன். இந்தத் தடவை இரண்டே நாளில் கையெழுத்தாயிற்று.

வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கக் கம்பெனி ஆட்கள் வந்தபோது நான் மறுத்தேன். ஓபி நடக்கும்போதே, பதினொரு மணிக்கு, ஏதாவது ஒரு சர்வரின் கம்பியைப் பிடுங்குங்கள், பிறகு போடுகிறேன் என்றேன். எஞ்சினியரின் முகம் வெளுத்தது. பெரிய டாக்டர் சரி என்றார். பிடுங்கப் போகிற சர்வரில் பதிவு இயந்திரம் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு மேனேஜரைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்க வைத்தேன். அண்ணாச்சி பிடுங்கினார்.

கவுண்டர் பெண்ணின் திரை உறைந்தது. போன டிஸ்க்குகள் போய்விட்டன என்று மற்றவை பேசி முடிவெடுக்க ஒரு இருபது விநாடி பிடிக்கும், எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “என்னம்மா, நின்னு போச்சா?” என்றார். திரை அசைந்தது. பெண் அடுத்த பெயரைக் கேட்டாள். பிடுங்கிய சர்வரில் இருந்த இயந்திரங்களும் சில நிமிடத்தில் வேறிடத்தில் எழுந்தன.

அந்த வாரமே எனக்கு ஒரு மெமோ வந்தது. உரிய அனுமதியின்றி உபகரணத்தைக் கழற்றியதற்கும், வாரண்டி ஸ்டிக்கரைச் சேதப்படுத்தியதற்கும், மேலதிகாரியிடம் உரத்த குரலில் பேசியதற்கும் விளக்கம் கேட்டு. வருத்தம் தெரிவித்தால் போதும், கோப்பை மூடிவிடலாம் என்று மேனேஜர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மூன்றும் உண்மை, எதற்கும் வருத்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுத்தேன். அதற்கு இன்று வரை பதில் வரவில்லை. கோப்பு திறந்தே கிடக்கிறது, கிடக்கட்டும்.